எடுத்த மதிப்பு படத்தில் எங்கே இருந்தது? இடத்தைச் சேமிக்க நான்கு வழிகள்

ஸ்கேன் செய்த ஆவணங்களிலிருந்து தொகை, தேதி, எண் என்று பிரித்தெடுத்து தரவுத்தளத்தில் போடும் வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மதிப்பை எடுத்துவிட்டோம். அது படத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது? பக்க எண்ணும் அந்த வரியும் போதுமா, பெட்டியின் நான்கு எண்கள் வேண்டுமா, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் நிரல் கொடுத்த சொற்களைச் சுட்டிக்காட்ட வேண்டுமா, அல்லது அந்தப் பகுதியை வெட்டித் தனிப்படமாகவே வைத்துவிடலாமா?

நான்கும் நடைமுறையில் இருப்பவைதான். முதல் நாள் டெமோவில் நான்குமே நன்றாக வேலை செய்யும் என்பதுதான் சிக்கல். வித்தியாசம் தெரிவது பிறகுதான்: யாரோ படத்தை நேராக்கும் படியைச் சேர்த்தபோது, ஓசிஆர் பதிப்பை மாற்றியபோது, ஓராண்டு பழைய பதிவு ஒன்றைத் தணிக்கைக்காரர் திறந்தபோது.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏ4 இன்வாய்ஸ் ஒன்று, 300 டிபிஐ ஸ்கேன், அதாவது 2480 × 3508 பிக்சல். கீழே வலப்பக்கம் மூன்று வரிகள்: கூட்டுத்தொகை 20,000.00, வரி 2,400.00, மொத்தம் 22,400.00. பக்கத்தின் உச்சியில் "செலுத்த வேண்டிய தொகை" என்று ஒரு கட்டம்; அதிலும் 22,400.00 அச்சாகியிருக்கிறது. சாதாரண இன்வாய்ஸ்தான். ஆனால் கீழே சொல்லப்போகும் தகராறுகளில் பெரும்பாலானவை இதிலேயே இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், வேகம். சரிபார்ப்பவர் ஒரு புலத்தைச் சொடுக்கியதும் கண் நேராகச் சரியான எண்ணில் போய் நிற்க வேண்டும். பக்கத்தைத் தேட வைத்தால் அவர் சில ஆவணங்களுக்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டு "சரி" பொத்தானை மட்டும் அழுத்த ஆரம்பிப்பார்.

இரண்டாவது, தாங்கும் தன்மை. படத்தைச் சுழற்றினாலும், ரெசல்யூஷனைக் குறைத்தாலும், ஓசிஆரை மறுபடி ஓட்டினாலும் சேமித்த இடம் இன்னும் அதே எண்ணைத்தான் காட்டுகிறதா?

மூன்றாவது, ஒழுங்கில்லாத மதிப்புகள். மூன்று வரிகளில் கிடக்கும் முகவரி, வேறு வடிவத்துக்கு மாற்றிய தேதி, கூட்டிப் பெற்ற தொகை, மனிதர் கையால் திருத்திய எண். இவற்றுக்கு இடம் என்று எதைச் சொல்வது?

நான்காவதுதான் எனக்கு முக்கியம்: காட்டும் இடம் சான்றா, ஊகமா? மதிப்பைப் படித்த அந்த நொடியிலேயே இடமும் சேர்ந்து பதிவானால் அது சான்று. மதிப்பு முதலில் வந்து, பிறகு நிரல் ஒன்று "இது எங்கே இருக்கும்" என்று தேடிக் கண்டுபிடித்தால் அது ஊகம். திரையில் இரண்டுமே ஒரே மஞ்சள் பெட்டியாகத் தெரியும்.

## வழி 1: பக்க எண்ணும் வரியும்

மதிப்போடு பக்க எண்ணையும் "மொத்தம் 22,400.00" என்ற மூல வரியையும் சேமிக்கிறோம். திரையில் காட்டும்போது அந்த வரியை ஓசிஆர் உரையில் தேடி, கிடைத்த இடத்துக்கு வண்ணம் பூசுகிறோம். ஆயத்தொலைவு எதையும் சேமிப்பதில்லை. செயல்படுத்த எளிது. படம் சுழன்றாலும் சுருங்கினாலும் கவலையில்லை, ஏனென்றால் தேடல் ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கிறது.

எங்கே உடையும் என்று பார்ப்போம். வரித்தொகை 2,400.00 என்று எடுக்கப்பட்டிருக்கிறது. மூல வரியை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் சேமித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிரல் "2,400.00" என்ற எழுத்துத் தொடரை மேலிருந்து தேடுகிறது. முதலில் சிக்குவது உச்சியில் உள்ள கட்டம், ஏனென்றால் "22,400.00" என்பதற்குள் "2,400.00" இருக்கிறது. வரித்தொகையைச் சொடுக்கியவருக்கு மொத்தத் தொகை வண்ணமடித்துத் தெரியும். மதிப்பு சரி, இடம் தவறு. முழுச் சொல்லாகத் தேடினால் இது சரியாகும். ஆனால் மொத்தத் தொகைக்கு அப்போதும் இரண்டு இடங்கள் கிடைக்கும். எதிலிருந்து எடுத்தோம் என்பதைத் தேடலால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. முன்பணம் கழித்த இன்வாய்ஸ் ஒன்றில் அவை வேறாகும்போதுதான் நாம் எடுத்தது எது என்ற கேள்வி எழும், அப்போது பதில் இருக்காது.

இன்னொன்று: சரிபார்ப்பவர் ஓசிஆரின் பிழையைத் திருத்திய பிறகு, திருத்திய மதிப்பு ஓசிஆர் உரையில் எங்குமே இருக்காது. "22,4O0.00" என்று பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில எழுத்தைப் படித்திருந்தால், 22,400.00 என்று தேடி ஒன்றும் கிடைக்காது. அதனால் இந்த வழியில் போனாலும் படித்த மூல எழுத்தையும் இறுதி மதிப்பையும் தனித்தனிப் புலங்களாக வையுங்கள். தேட வேண்டியது எப்போதும் மூல எழுத்தை.

ஒரு பக்கம், நான்கைந்து புலங்கள், நாளுக்குக் கொஞ்சம் ஆவணங்கள் என்றால் இது போதும். ஒப்பந்தம், கடிதம் போன்ற பத்தி பத்தியான உரைக்கு இன்னும் பொருந்தும். நீண்ட வாக்கியம் பக்கத்தில் இருமுறை வருவது அரிது. எண்கள் நிறைந்த அட்டவணைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

## வழி 2: பெட்டியின் நான்கு எண்கள்

பெரும்பாலோர் முதலில் எடுப்பது இதைத்தான். இடது, மேல், அகலம், உயரம் என நான்கு எண்கள். நம் இன்வாய்ஸில் மொத்தத் தொகை இடமிருந்து 1980, மேலிருந்து 2610 பிக்சலில் தொடங்கி, 186 அகலமும் 40 உயரமுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓசிஆர் கொடுத்த பெட்டியையே சேமித்தால் இடம் உண்மையான சான்று. தேடல் கிடையாது, திரை உடனே அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

இதன் மறைமுகச் செலவு ஒரே கேள்வியில் அடங்கும்: அந்த நான்கு எண்கள் எந்தப் படத்தைச் சேர்ந்தவை?

ஓசிஆருக்கு முன்னால் படத்தை நேராக்குவது வழக்கம். ஸ்கேன் 2 பாகை சாய்ந்திருந்தது, நிரல் அதை மையத்தைச் சுற்றித் திருப்பி நேராக்கியது, பெட்டி நேராக்கிய படத்தில் கிடைத்தது. சரிபார்ப்புத் திரையோ நேராக்காத மூலப் படத்தைக் காட்டுகிறது. 2 பாகைதானே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பக்கத்தின் மையம் (1240, 1754). நம் தொகையின் நடு ஏறக்குறைய (2073, 2630), அதாவது மையத்திலிருந்து 833 வலப்பக்கம், 876 கீழே. 2 பாகையின் சைன் 0.0349. பெருக்கினால் செங்குத்தாக 29 பிக்சலும் கிடையாக 31 பிக்சலும் விலகுகிறது. வரிக்கு வரி 50 பிக்சல் இடைவெளி. சாய்வு ஒரு திசையில் இருந்தால், பெட்டி 29 பிக்சல் மேலே ஏறி, வரித்தொகையின் அடிப்பகுதியில் 19 பிக்சலையும் மொத்தத் தொகையின் தலையில் 11 பிக்சலையும் மூடிக்கொண்டு நிற்கும். சரிபார்ப்பவர் எதைப் பார்த்து ஒப்புக்கொள்வார்? அதிகம் மூடப்பட்டிருப்பது வேறு புலத்தின் எண்.

பிழை ஒன்று நடந்திருப்பது தெரிந்தால், எந்தப் பிழை என்பதைப் பெட்டிகள் விலகும் விதமே காட்டிக்கொடுக்கும். பக்கத்தின் நடுவில் சரியாகவும் ஓரங்களில் மோசமாகவும் இருந்தால் அது சுழற்சி. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு தள்ளியிருந்தால் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். பிடிஎஃப் என்றால், பக்கத்தில் காட்டும் பகுதியைக் குறிக்கும் `CropBox` கணக்கில் எடுக்கப்படவில்லை. மேல் இடது மூலையில் சரியாக இருந்து, கீழே வலப்பக்கம் போகப்போகத் தூரம் கூடினால் டிபிஐ மாறியிருக்கிறது. மேலே இருக்க வேண்டிய பெட்டி கீழே கண்ணாடி பிம்பம்போல் விழுந்தால், பிடிஎஃப் ஆயத்தொலைவைப் படத்தின் ஆயத்தொலைவாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்: பிடிஎஃப்பில் தொடக்கப்புள்ளி கீழ் இடது மூலை, அலகு அங்குலத்துக்கு 72 புள்ளி, படத்தில் தொடக்கம் மேல் இடது மூலை. கைபேசியில் எடுத்த படங்களில் மட்டும் பெட்டிகள் கால்வட்டம் திரும்பி விழுந்தால், எக்ஸிஃப் திசைக் குறிப்பை ஒரு நிரல் மதிக்கிறது, இன்னொன்று மதிக்கவில்லை.

டிபிஐ சிக்கலைத் தீர்க்க எளிய வழி, பிக்சலுக்குப் பதில் பக்கத்தின் விகிதமாகச் சேமிப்பது. 1980-ஐ 2480-ஆல் வகுத்தால் 0.798. எந்த அளவில் காட்டினாலும் அதே விகிதம் பொருந்தும். ஆனால் விகிதம் சுழற்சியையும் வெட்டலையும் தீர்க்காது. "நாங்கள் விகிதமாக வைத்திருக்கிறோம், பிரச்சினை வராது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். அவற்றுக்குத் தீர்வு இரண்டே. ஓசிஆர் பார்த்த அதே படத்தைச் சேமித்து அதையே திரையில் காட்டுவது ஒன்று. செய்த மாற்றங்களைப் பதிவுசெய்து, பெட்டியை மூலப் படத்துக்குத் திருப்பிக் கணக்கிட்டுச் சேமிப்பது மற்றொன்று. இரண்டாவதில் பெட்டி சாய்ந்த செவ்வகமாகும் என்பதால் நான்கு எண்களுக்குப் பதில் நான்கு மூலைகளை வைக்க வேண்டும். எதுவானாலும் அந்தப் படக்கோப்பின் ஹாஷை, அதாவது கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, பெட்டியுடன் சேர்த்து வையுங்கள். திறக்கும்போது ஹாஷ் பொருந்தாவிட்டால் பெட்டியைக் காட்டவே கூடாது. தவறான இடத்தைக் காட்டுவதைவிட எதையும் காட்டாதது மேல்.

மூன்று வரி முகவரிக்கு ஒரே பெட்டி போட்டால் பக்கத்தில் உள்ள வேறு பத்தியும் உள்ளே வந்துவிடும். எனவே பெட்டி என்பதைத் தொடக்கத்திலேயே பட்டியலாக வடிவமையுங்கள். பின்னால் மாற்றுவது தொல்லை.

## வழி 3: ஓசிஆர் சொற்களைச் சுட்டுவது

இங்கே பெட்டியை நாம் சேமிப்பதில்லை. ஓசிஆர் வெளியீட்டை அப்படியே உறையவைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, மதிப்பு எந்தெந்தச் சொற்களால் ஆனது என்பதை மட்டும் குறிக்கிறோம். டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலின் டிஎஸ்வி வெளியீட்டில் இதற்குத் தேவையான எல்லாமே இருக்கிறது: பக்கம், தொகுதி, பத்தி, வரி, சொல் எண்கள், பெட்டி, நம்பிக்கை மதிப்பு, எழுத்து.

```
level page_num block_num par_num line_num word_num left top  width height conf text
5     1        6         1       3        2        1980 2610 186   40     94.1 22,400.00
```

மூன்றாவது அளவுகோலில் இது மற்றவற்றை எளிதாக முந்துகிறது. முகவரிக்குப் பதினொரு சொற்கள் என்றால் பதினொரு அடையாளங்கள். வரி உடைந்தாலும், நடுவில் வேறு பத்தி புகுந்தாலும் சிக்கலில்லை. கூட்டிப் பெற்ற தொகைக்கு, கூட்டப்பட்ட எண்களின் சொற்களைச் சுட்டலாம். ஓசிஆர் அந்தச் சொல்லில் எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதும் கூடவே வருகிறது. தணிக்கைக்காரர் "இயந்திரம் உண்மையில் என்ன படித்தது" என்று கேட்டால் மூல எழுத்து அங்கேயே இருக்கிறது.

செலவு எங்கே என்றால், ஓசிஆர் வெளியீடு இனி நிரந்தரச் சொத்து. அதைத் தற்காலிகக் கோப்பு என்று யாரோ சுத்தம் செய்துவிட்டால் எல்லாச் சுட்டலும் அநாதை. ஓசிஆர் பதிப்பை உயர்த்தி மறுபடி ஓட்டினால் "22,400.00" என்ற ஒரு சொல் "22," "400.00" என இரண்டாகலாம், அதற்குப் பிறகு வரும் எண்களெல்லாம் ஒன்று தள்ளிவிடும். பழைய சுட்டல் பிழைச்செய்தி கூடக் கொடுக்காமல் பக்கத்துச் சொல்லைக் காட்டும். மறுபடி ஓட்டினால் புதிய வெளியீடாக, புதிய பதிப்பு எண்ணுடன் சேமிக்க வேண்டும். பழையதன் மேல் எழுதக் கூடாது.

ஓசிஆர் படிக்காத விஷயங்களுக்கும் இதில் இடமில்லை. தேர்வுக் கட்டத்தில் போட்ட டிக், கையெழுத்து, முத்திரை ஆகியவை சொற்கள் அல்ல. அவற்றுக்குப் பெட்டிதான் வேண்டும்.

## வழி 4: வெட்டிய துண்டுப் படம்

மதிப்பு இருந்த பகுதியைச் சிறு படமாக வெட்டி, பதிவோடு வைத்துவிடுகிறோம். ஓசிஆர் பார்த்த படத்திலிருந்தே, பார்த்த அதே நேரத்தில் வெட்டினால் ஆயத்தொலைவுச் சண்டைகள் எதுவும் இல்லை.

சரிபார்ப்பு வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலைமுறையில். ஆவணம் ஆவணமாகப் பார்க்காமல் புலம் புலமாகப் பார்ப்பது: ஐம்பது இன்வாய்ஸ்களின் மொத்தத் தொகைத் துண்டுகளை ஒரே திரையில் அடுக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் எடுத்த எண்ணைக் காட்டுவது. கண் வரிசையாக ஓடும், பொருந்தாதது பளிச்சென்று தெரியும்.

ஆனால் துண்டு எழுத்துப் பிழையைத்தான் பிடிக்கும், இடப் பிழையைப் பிடிக்காது. "22,400.00" என்று மட்டும் வெட்டினால் அது மொத்தமா, நிலுவையா, வேறு வரியா என்று எப்படித் தெரியும்? எண் எண்ணோடு பொருந்துகிறது, ஒப்புதல் கிடைத்துவிடும். அதனால் எண்ணை மட்டும் வெட்டாமல், "மொத்தம்" என்ற தலைப்புச் சொல் உட்பட அந்த வரி முழுவதையும், மேலும் கீழும் ஒரு வரி சேர்த்து வெட்டுங்கள். அட்டவணையில் நெடுவரிசையின் தலைப்பு வெகு மேலே இருக்கும். அங்கே துண்டு உதவாது, முழுப் பக்கம் வேண்டும்.

தனிநபர் விவரம் உள்ள ஆவணங்களில் இன்னொரு செலவு இருக்கிறது. மூலப் படத்தை அழித்துவிட்டோம் என்று சொல்லும்போது துண்டுகள் எங்கோ உயிரோடு இருக்கும். அடையாள எண், கையெழுத்து, பிறந்த தேதி என்று தேர்ந்தெடுத்து வெட்டிய துண்டுகள் முழுப் பக்கத்தைவிட ஆபத்தானவை. அழிக்கும் விதி துண்டுகளுக்கும் சேர்த்து எழுதப்பட வேண்டும். மறுபக்கம், மூலப் படத்தை வைத்திருக்க அனுமதியில்லாமல், சில புலங்களுக்கு மட்டும் சான்று வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், இந்த நான்கில் வேலைக்கு ஆவது இது ஒன்றுதான்.

## ஒரே பார்வையில்

| | பக்கமும் வரியும் | பெட்டி | சொல் சுட்டல் | துண்டுப் படம் |
|---|---|---|---|---|
| கண் போய்ச் சேரும் வேகம் | ஓரிடம் என்றால் வேகம் | வேகம் | வேகம் | தொகுதியாகப் பார்க்க மிக வேகம் |
| படம் மாறினால் | தாங்கும் | ஹாஷ் இல்லாவிட்டால் உடையும் | உறைந்த ஓசிஆரும் அது பார்த்த படமும் இருந்தால் தாங்கும் | பாதிப்பில்லை |
| பல துண்டு மதிப்பு | தடுமாறும் | பெட்டிப் பட்டியல் தேவை | இயல்பாகப் பொருந்தும் | பல துண்டுகள், தொல்லை |
| சான்றா, ஊகமா | ஊகம் | எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது | பெரும்பாலும் சான்று | எழுத்துக்குச் சான்று, இடத்துக்கு அல்ல |
| மறைந்திருக்கும் செலவு | ஒரே எண் இருமுறை வரும்போது | படமாற்றங்களைப் பதிவுசெய்தல் | ஓசிஆர் வெளியீட்டைக் காத்தல் | நகல்களை அழித்தல் |

## நான் எதை எடுப்பேன்

எண்களும் அட்டவணைகளும் உள்ள ஆவணங்கள், பின்னாளில் தணிக்கை உறுதி என்றால், சொல் சுட்டலை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து கணக்கிட்ட பெட்டியையும் கூடவே சேமிப்பேன். பெட்டி திரைக்கு, சொல் சுட்டல் சான்றுக்கு. இரண்டும் முரண்பட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று தானாகத் தெரியும். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

```json
{
  "field": "invoice_total",
  "value": 22400.00,
  "raw": "22,400.00",
  "page": 1,
  "words": ["p1_w212"],
  "boxes": [[0.798, 0.744, 0.075, 0.011]],
  "image_sha256": "…",
  "ocr_run": 3,
  "origin": "read"
}
```

இதில் கடைசி வரியை யாரும் முதலில் போடுவதில்லை, நான் விடவே மாட்டேன். `read` என்றால் அந்த இடத்திலிருந்து படித்தது. `computed` என்றால் வேறு மதிப்புகளிலிருந்து கணக்கிட்டது. `typed` என்றால் சரிபார்ப்பவர் உள்ளிட்டது. அவரே படத்தில் பெட்டியும் வரையட்டும், ஒரு இழுப்புதான். `matched` என்றால் மதிப்பு இடமின்றி வந்து, பிறகு தேடிப் பொருத்தியது. படத்தைப் பார்த்து நேரடியாக மதிப்பைத் தரும் ஏஐ மாதிரிகளில் பல, இடத்தைத் தருவதில்லை, அல்லது தரும் இடம் தோராயமாக இருக்கிறது. அவற்றின் வெளியீட்டை ஓசிஆர் சொற்களோடு பொருத்தித்தான் இடம் பெற வேண்டியிருக்கிறது. அது தவறல்ல. ஆனால் திரையில் அந்தப் பெட்டியைப் புள்ளிக்கோடாகக் காட்டுங்கள். இரண்டு இடங்கள் பொருந்தினால் இரண்டையும் காட்டி, எது என்று சரிபார்ப்பவரையே சொல்ல வையுங்கள். எங்குமே பொருந்தவில்லை என்றால் அதுதான் முதலில் பார்க்க வேண்டிய புலம்: படத்தில் இல்லாத எண்ணாகக்கூட இருக்கலாம்.

மதிப்பே கிடைக்காத புலங்களை மறந்துவிடாதீர்கள். "தள்ளுபடி: இல்லை" என்று பதிவானால் எதைச் சுட்டுவது? தலைப்புச் சொல் கிடைத்து எதிரே காலியாக இருந்ததா, தலைப்பே கிடைக்கவில்லையா என்பது வேறு வேறு. முதலாவதில் தலைப்புச் சொல்லின் இடத்தைச் சேமிக்கலாம். சரிபார்ப்பவர் ஒரு பார்வையில் காலியிடத்தை உறுதிசெய்வார். இரண்டாவதில் முழுப் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும், அதைத் திரை நேர்மையாகச் சொல்லட்டும்.

ஏற்கெனவே பெட்டி மட்டும் சேமித்து, ஹாஷும் இல்லாமல் பெரிய கிடங்கே சேர்ந்திருந்தால், எல்லாவற்றையும் மறுபடி செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு பெட்டியையும் தற்போதுள்ள படத்திலிருந்து வெட்டி, அந்தத் துண்டை மட்டும் ஓசிஆரில் ஓட்டி, கிடைத்த எழுத்தைச் சேமித்த மூல எழுத்தோடு ஒப்பிடுங்கள். ஓரிரு எழுத்து மாறினால் அது ஓசிஆரின் குணம். முற்றிலும் வேறு எழுத்தோ வெற்றிடமோ வந்தால் பெட்டி இடம் தப்பியிருக்கிறது. தப்பியவற்றை ஸ்கேன் வந்த வழி, தேதி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை ஏதோ ஒரு நாளிலிருந்து, ஒரே வழியில் வந்தவையாகக் குவிந்திருக்கும். அந்த நாளில் நிரலில் என்ன மாறியது என்று பார்த்தால், விலக்க வேண்டிய சுழற்சியோ வெட்டலோ கிடைத்துவிடும். திருத்திய பிறகு இதே சோதனையை மறுபடி ஓட்டி, தேறியவற்றுக்கு மட்டும் ஹாஷ் போடுங்கள்.